‘இது புது பீஸ் இல்லை தம்பி’ என்றார் கடைக்காரர்: பாதி விலை பிஎஸ்5-ஐ வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். பிஎஸ்5 வாங்க ரெண்டு வருஷமாகக் காசு சேர்க்கிறேன். போன வாரம் சென்னை வந்தபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில், டிஸ்க் போடுகிற பழைய மாடல் ₹24,000 என்றார்கள். பெட்டியோடு பளபளவென்று இருந்தது. பணத்தை எண்ணிக் கொடுக்கப் போகும்போது கடைக்காரரே நிறுத்தி, “தம்பி, இது புது பீஸ் இல்லை, ரீஃபர்பிஷ்டு. தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. 30 நாள் செக்கிங் வாரண்டி தர்றேன்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னவரை நம்பி வாங்கலாமா? இல்லை, பின்னால் நாம் எதுவும் கேட்கக் கூடாது என்றுதான் முன்னாலேயே சொல்லிவிடுகிறார்களா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: அவர் சும்மா இருந்திருந்தால் உங்கள் பணம் அந்த நிமிடமே கல்லாவுக்குப் போயிருக்கும். எண்ணிக்கொண்டிருந்த கையை நிறுத்திச் சொன்னார் பாருங்கள், அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன். 14 வருடமாகக் கன்சோல் சர்வீஸ் செய்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கி என் மேசைக்குக் கொண்டுவருகிறவர்களில் பலருக்கு, அது ஏற்கெனவே யாரோ திறந்து வேலை பார்த்த பீஸ் என்பதே நான் சொல்லித்தான் தெரிகிறது. அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கும். உங்களுக்கு அந்தச் செய்தி கடையிலேயே, பணம் கைமாறும் முன்பே கிடைத்துவிட்டது.

பின்னால் கேள்வி வரக் கூடாது என்ற எண்ணமும் அவருக்குக் கொஞ்சம் இருந்திருக்கலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சொல்லி விற்பது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் முடிவெடுக்க முடியாது. ஏனென்றால் கடைத்தெருவில் ‘ரீஃபர்பிஷ்டு’ என்பதற்கு ஒரே அர்த்தம் கிடையாது. யாரோ வாங்கி நாலு நாளில் திருப்பிக் கொடுத்த பீஸையும் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று வருடம் ஓடியதைத் தூசி தட்டி, வெள்ளை மூடியை மட்டும் புதிதாக மாட்டியதும் ரீஃபர்பிஷ்டுதான். போர்டு செத்துப்போய், சிப் மாற்றி உயிர்கொடுத்ததற்கும் அதே பெயர்தான். மூன்றும் ஒரே ஷெல்ஃபில் ஒரே பளபளப்போடு உட்கார்ந்திருக்கும். வெளியூரிலிருந்து மொத்தமாக லாட் எடுக்கிற கடை என்றால், எந்தப் பீஸில் என்ன வேலை நடந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அதனால் அடுத்த முறை போகும்போது நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: “அண்ணே, இதுல என்ன வேலை பார்த்திருக்கு? யார் பார்த்தது?” முதல் உண்மையைத் தானாகச் சொன்னவர் இதற்கும் பதில் சொல்லத் தயங்க மாட்டார். “எச்டிஎம்ஐ போர்ட் மாத்தினோம், எங்க பையன்தான் பண்ணினான்” என்று தெளிவாகச் சொன்னால் நல்லது. “சும்மா சர்வீஸ்தான் தம்பி” என்று நழுவினால், கீழே சொல்லும் சோதனைகளை இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.

விலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த மாடல் 2021 பிப்ரவரி 2-ம் தேதி இந்தியாவில் வந்தபோது ₹49,990. 2024 ஏப்ரலில் ஸ்லிம் மாடல் வந்தபோது டிஸ்க் பதிப்பு ₹54,990. உங்களிடம் சொன்ன விலை அதில் பாதிக்கும் கீழே. திறக்காத, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பழைய மாடல் இவ்வளவு இறங்கி வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது என்ன என்பதைப் பொறுத்துதான் ₹24,000 நல்ல விலையா இல்லையா என்று சொல்ல முடியும்.

பிஎஸ்5-இல் நான் முதலில் பயப்படுவது லிக்விட் மெட்டலுக்கு. பிஎஸ்4 வரைக்கும் மெயின் சிப்புக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றுகிற ஹீட்சிங்க்குக்கும் நடுவே பற்பசை மாதிரி ஒரு தெர்மல் பேஸ்ட் இருக்கும். காய்ந்துபோனால் துடைத்துவிட்டுப் புதிது போடுவோம், பத்து நிமிட வேலை. பிஎஸ்5-இல் அதற்குப் பதிலாகக் காலியம் கலந்த திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள். சூட்டைப் பேஸ்ட்டைவிட நன்றாகக் கடத்தும். ஆனால் அது உலோகம் ஆயிற்றே, மின்சாரத்தையும் கடத்தும். அதனால்தான் சிப்பைச் சுற்றி ஒரு ஃபோம் சட்டம் வைத்து, அது வெளியே வழியாமல் அடைத்திருக்கிறார்கள். ஹீட்சிங்கைத் தூக்கிவிட்டால் அந்த அடைப்பு கலைந்துவிடும். திரும்ப மூடும்போது உலோகத்தைச் சிப் மேலும் ஹீட்சிங்க் மேலும் குச்சிப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்துப் பிடிக்கவைக்க வேண்டும். சும்மா விட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டை உருண்டையாகத் திரண்டு நிற்கும். அவசரமாக மூடிய பீஸில் சிப்பின் ஒரு பகுதி ஈரமாகவும் ஒரு பகுதி வெறுமையாகவும் இருக்கும். அந்த வெறும் இடத்தில்தான் சூடு தேங்கும்.

போன வருடம் என்னிடம் வந்த ஒரு பீஸைப் பற்றிச் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர், ₹26,000-க்கு வாங்கியது. அவருக்கு விற்ற கடையில் ரீஃபர்பிஷ்டு என்று யாரும் சொல்லவில்லை, “ஒரே ஓனர், புதுசு மாதிரி” என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். கடையில் ஆன் செய்து காட்டியிருக்கிறார்கள், மெனு வந்திருக்கிறது, ஒரு கார் கேம் ஐந்து நிமிடம் ஓடியிருக்கிறது. வீட்டில் போய் விளையாட உட்கார்ந்தால் அரை மணி நேரம் தாங்கவில்லை, பட்டென்று அணைந்துவிடுகிறது. என் மேசையில் போட்டு, கிராஃபிக்ஸ் அதிகமுள்ள ஒரு கேமை ஓடவிட்டு நேரம் பார்த்தேன். பத்தாவது நிமிடத்திலிருந்து ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. 22-வது நிமிடத்தில் அணைந்தது. ஆறவிட்டு மறுபடி போட்டால் 15 நிமிடம்தான். மெனுவில் மட்டும் விட்டால் நாள் முழுக்க ஓடியது.

வெள்ளை மூடிகளைக் கழற்றினேன். ஸ்க்ரூ மேல் இருக்க வேண்டிய சீல் ஸ்டிக்கரைக் காணோம். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்றின் தலை, பொருந்தாத டூலை விட்டுத் திருகியதில் மழுங்கிப்போயிருந்தது. ஹீட்சிங்கைத் தூக்கினால், உள்ளே லிக்விட் மெட்டலே இல்லை. யாரோ அதைத் துடைத்தெறிந்துவிட்டுச் சாதாரண சாம்பல் நிறப் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். விளையாடும்போது 200 வாட் அளவுக்கு இழுக்கிற கன்சோல் அது. அந்தச் சூட்டுக்கு அந்தப் பேஸ்ட் ஈடுகொடுக்கவில்லை. அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. துடைத்தவர் சரியாகத் துடைக்காமல் விட்டதில் ஃபோம் ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு வெள்ளி உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நகர்ந்து பக்கத்திலிருந்த கெப்பாசிட்டர்மேல் உட்கார்ந்திருந்தால் போர்டே ஷார்ட் ஆகியிருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்து அதை எடுத்தேன். பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஃபோமை மாற்றி, லிக்விட் மெட்டலை மறுபடி தேய்த்து மூடினேன். மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டேன், அணையவில்லை. ₹3,500 வாங்கினேன்.

நீங்கள் கடையில் ஹீட்சிங்கைத் தூக்கிப் பார்க்க முடியாது, தூக்கச் சொல்லவும் கூடாது. ஆனால் வெள்ளை மூடிகளைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். அதற்கு ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம், கையால் தூக்கி நகர்த்தினால் வந்துவிடும். கூடுதல் எஸ்எஸ்டி போடுவதற்காகச் சோனியே அப்படி வடிவமைத்திருக்கிறது. உள்ளே சீல் இருக்கிறதா, ஸ்க்ரூ தலைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். சீல் இல்லையென்றால் திறந்திருக்கிறார்கள். ரீஃபர்பிஷ்டு என்று சொல்லித்தானே விற்கிறார், அதனால் அதுவே குற்றம் ஆகிவிடாது. “ஹீட்சிங்க்கைத் தூக்கினீங்களா?” என்று கேட்பதற்கு அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

நிஜமான சோதனை நேரம்தான். ஐந்து நிமிடத்தில் எந்தக் குறையும் தெரியாது. குறைந்தது ஒரு மணி நேரம், கனமான ஒரு கேமை ஓடவிட்டுப் பக்கத்தில் இருங்கள். கேமை இன்ஸ்டால் செய்யவே நேரம் பிடிக்கும் என்பதால், கிளம்பும் முன் ஃபோன் செய்து, “ஏதாவது ஒரு பெரிய கேமை ஏத்தி வைங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள். ஃபேன் ஓரளவு சத்தம் போடுவது சகஜம். நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனால், அல்லது அதிகமாகச் சூடாகிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை வந்தால், அந்தப் பீஸ் வேண்டாம்.

அடுத்தது டிஸ்க் டிரைவ். நீங்கள் டிஸ்க் மாடல் வாங்குவதால் இதை விட்டுவிடக் கூடாது. முதலில் வந்த பிஎஸ்5-களில் டிரைவுக்குள் இருக்கும் சின்ன போர்டும் கன்சோலின் மெயின் போர்டும் ஒன்றோடொன்று ஜோடி சேர்த்து வைக்கப்பட்டவை. டிரைவ் பழுதானால் மோட்டாரையோ லென்ஸையோ மாற்றலாம், ஆனால் பழைய போர்டையே எடுத்துப் புது டிரைவுக்குள் மாட்ட வேண்டும். இது தெரியாதவர்கள் வேறொரு கன்சோலின் டிரைவை முழுசாகத் தூக்கி மாட்டிவிடுவார்கள். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இருக்காது, ஆனால் கேம் டிஸ்க்கைப் படிக்காது. மெனுவை மட்டும் பார்த்து வாங்குகிறவருக்கு இது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். அதனால் நண்பர்களிடம் ஒரு கேம் டிஸ்க் இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். பிஎஸ்4 டிஸ்க் இருந்தாலும் போதும், பிஎஸ்5-இல் ஓடும். போட்டு, கேம் திறக்கிற வரைக்கும் பாருங்கள். இரண்டு மூன்று முறை வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். ஒருமுறை படித்து ஒருமுறை படிக்காமல் போனால் டிரைவில் கோளாறு இருக்கிறது.

எச்டிஎம்ஐ போர்ட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது எளிதில் பார்த்துவிடலாம். ஒயரை மாட்டியபடியே கன்சோலை இழுத்துப் போர்ட் உடைவது நிறைய நடக்கிறது. மாற்றியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை, நன்றாகச் செய்த சால்டரிங் வருடக்கணக்கில் நிற்கும். படம் ஓடும்போது ஒயரின் தலையை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். திரை சிமிட்டினாலோ கறுத்துத் திரும்பி வந்தாலோ வேலை சரியில்லை. கடையில் 4கே டிவி இருந்தால் அதில் மாட்டச் சொல்லி, `Settings`-இல் `Screen and Video` பக்கத்தில் 4கே வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சால்டரிங் அரைகுறையாக இருந்தால் சாதாரணத் தெளிவில் படம் வரும், 4கே-க்கு ஏற்றும்போது தகராறு செய்யும்.

அப்புறம் அந்தப் பெட்டி. பெட்டி இருப்பது எதையும் நிரூபிக்காது, காலிப் பெட்டிகள் தனியாகவே கிடைக்கின்றன. கன்சோலின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரும், பெட்டியில் உள்ளதும், `Settings` > `System` > `System Software` > `Console Information` பக்கத்தில் காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தியாவுக்கென்று வந்த முதல் மாடல் என்றால் ஸ்டிக்கரில் `CFI-1008A` என்று ஆரம்பிக்கும். நம்பர்கள் ஒத்துப்போகவில்லை என்றால் வேறு பீஸின் போர்டோ வேறு பீஸின் பெட்டியோ வந்திருக்கிறது. அதே சமயத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் லாகின் செய்து ஆன்லைன் போய்ப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் செய்த தப்புக்காகக் கன்சோலே நெட்வொர்க்கில் தடை செய்யப்பட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அதை எந்த சர்வீஸ்காரராலும் சரிசெய்ய முடியாது.

இனி பில். தாம்பரம் மாணவரின் கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதி இங்கேதான் வருகிறது. ரிப்பேர் செய்த காசையாவது கேட்கலாம் என்று அவர் வாங்கிய கடைக்குப் போனார். “வெளியில் திறந்துட்டீங்க, இனி எங்க பொறுப்பு இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே அவர் கடைக்குப் போயிருக்க வேண்டும், அது அவருக்குத் தெரியவில்லை. நானும் திறக்கும் முன் பில்லைக் கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் கேட்காமல் திறப்பதில்லை. பில்லை எடுத்துப் பார்த்தால் “பிஎஸ்5 — 1” என்று மட்டும் இருந்தது. புதிதா பழையதா, சீரியல் நம்பர் என்ன, எத்தனை நாள் வாரண்டி, ஒன்றும் இல்லை. திறந்து வேலை பார்த்ததை மறைத்து விற்றார்கள் என்று காட்டவும் அவரிடம் ஆதாரம் இல்லை, அது அந்தக் கடையில் வாங்கிய பீஸ்தான் என்று காட்டவும் ஆதாரம் இல்லை.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பழைய, செப்பனிட்ட, புதுப்பித்த பொருளைப் புதியது என்று காட்டி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ₹5 லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் இதெல்லாம் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் நடக்கும்.

உங்கள் கடைக்காரர் வாயால் சொன்னதை அப்படியே பில்லில் எழுதச் சொல்லுங்கள்: ரீஃபர்பிஷ்டு, சீரியல் நம்பர், என்ன வேலை பார்த்தது, 30 நாள் வாரண்டி, அந்த 30 நாளில் பழுதானால் சரிசெய்து தருவாரா மாற்றித் தருவாரா பணம் தருவாரா. தயங்கினால், “அண்ணே, நாளைக்கு நான் வந்து புதுசுன்னு ஏமாத்திட்டீங்கன்னு சண்டை போட முடியாது, உங்களுக்கும் நல்லதுதானே” என்று சொல்லிப் பாருங்கள். உண்மையைச் சொல்கிறவர் எழுதித் தருவார் என்றுதான் நினைக்கிறேன். எழுத மாட்டேன் என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

விலைக்கு என் கணக்கு இது. எச்டிஎம்ஐ மாற்றியது, ஃபேன் சுத்தம் செய்தது போன்ற வேலைகள் என்றால், எல்லாச் சோதனையிலும் தேறினால் ₹24,000 கொடுக்கலாம். ஹீட்சிங்கைத் தூக்கி லிக்விட் மெட்டலைத் தொட்டிருக்கிறார்கள் என்றால், ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடினாலும் ₹20,000-க்குப் பேசுங்கள், இல்லையென்றால் வாரண்டியை 90 நாளாக்கச் சொல்லுங்கள். மெயின் சிப்பையே கழற்றி ஒட்டிய பீஸ் என்றால் நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன், உங்களையும் வாங்கச் சொல்ல மாட்டேன். டிஸ்க் படிக்கவில்லை என்றால், “டிஸ்க் எதுக்கு, டவுன்லோடு பண்ணிக்கலாமே” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வாங்கினால், அந்த 30 நாளையும் வீணாக்காதீர்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே மூன்று மணி நேரம் தொடர்ந்து விளையாடுங்கள், டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள் வைக்காமல், பின்னால் காற்றுப் போக இடம் விட்டு. ஒருமுறை அணைந்தாலும் மொபைலில் வீடியோ எடுத்து அன்றைக்கே கடைக்காரருக்கு அனுப்புங்கள். திருச்சியில் யாரிடமும் திறக்கக் கொடுக்காமல், பெட்டியையும் உள்ளே இருந்த அட்டைத் தாங்கிகளையும் பத்திரமாக வைத்திருங்கள். சென்னைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டி வந்தால் அவை இல்லாமல் பஸ்ஸில் எடுத்துச் செல்வது கஷ்டம்.